வெள்ளை கோட்டுப் பையில் சிகரெட்

புகைக்கும் மருத்துவரிடம் போகும் நோயாளிக்குக் கிடைக்காமல் போவது என்ன?

“டாக்டரே பிடிக்கிறார். நான் பிடித்தால் மட்டும் செத்துவிடுவேனா?”

பெரிய மருத்துவமனைகளின் வாசலில் இருக்கும் டீக்கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் நெஞ்சுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ வந்த நோயாளியாக இருப்பார். இல்லையென்றால் அவருக்குத் துணையாக வந்தவராக இருப்பார். சற்றுத் தள்ளி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஓர் இளம் மருத்துவர் புகைத்துக்கொண்டிருப்பார். டியூட்டிக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிடம் அது. அந்த ஐந்து நிமிடத்தை அவருடைய சொந்த விஷயம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் மருத்துவரின் புகைப்பழக்கம் அவருடைய நுரையீரலோடு நிற்பதில்லை. அது ஓ.பி. அறைக்குள் அவரோடு நடந்து வருகிறது. அங்கே நோயாளியிடம் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது.

மருத்துவரைப் பார்த்து நோயாளி கெட்டுப்போகிறார் என்பது இந்தப் பிரச்சினையின் பாதிதான். மீதிப் பாதி, மருத்துவர் பேசாமல் விடும் பேச்சில் இருக்கிறது. கூடுதலான உயிர்கள் போவது அந்தப் பாதியில்தான்.

விற்கப்பட்ட நம்பிக்கை

மருத்துவரின் கையில் உள்ள சிகரெட்டை நோயாளி கவனிக்கிறார் என்பதை மருத்துவ உலகத்துக்கு முன்பே புரிந்துகொண்டவை சிகரெட் கம்பெனிகள். 1930-ல் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் சிகரெட்டின் விளம்பரம் 20,679 மருத்துவர்களைச் சாட்சிக்கு அழைத்தது. இந்தச் சிகரெட் தொண்டையை அவ்வளவாக உறுத்துவதில்லை என்று அவர்கள் சொன்னார்களாம். 1946-ல் கேமல் சிகரெட்டின் முறை வந்தது. மற்ற எந்தச் சிகரெட்டையும்விட அதிக மருத்துவர்கள் பிடிப்பது கேமலைத்தான் என்ற விளம்பரம் பல ஆண்டுகள் பத்திரிகைகளை நிறைத்தது. படத்தில் வெள்ளை கோட்டு போட்ட மருத்துவர் ஒருவர் கனிவாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் விரலிடுக்கில் சிகரெட் இருக்கும்.

அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. மருத்துவர்களின் மாநாட்டில் கம்பெனி கடை விரித்து, வருபவர்களுக்குக் கேமல் பாக்கெட்டை இலவசமாகக் கொடுக்கும். பிறகு அவர்களிடமே, “உங்கள் பையில் இருப்பது எந்தச் சிகரெட்?” என்று கேட்கும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழே 1953 வரை சிகரெட் விளம்பரங்களை வாங்கி அச்சிட்டது. ‘மருத்துவர் பிடிக்கிறார், அதனால் ஆபத்தில்லை’ என்ற நினைப்பு மக்கள் மனத்தில் தானாக முளைத்ததன்று. காசு செலவழித்து விதைத்தார்கள். டீக்கடையில் இன்று கேட்கும் கேள்வியில் அந்த நினைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது.

மருத்துவர்களுக்கு வந்த கடிதம்

இந்த நினைப்பைத் தலைகீழாகத் திருப்பியதும் மருத்துவர்கள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் வேகமாகக் கூடிக்கொண்டிருந்தன. அங்கே 1948-ல் ஆண்களில் 82 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். எல்லோரும் செய்கிற ஒன்றை யாரும் சந்தேகிக்கவில்லை. காரணத்தைத் தேடும் பொறுப்பு ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரிடமும், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞரிடமும் வந்தது. டால் சாலையில் போடும் தாரையும் மோட்டார் புகையையும்தான் முதலில் சந்தேகித்தார். அப்போது அவரும் புகைப்பவர். லண்டன் மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளையும் மற்ற நோயாளிகளையும் ஒப்பிட்டு எடுத்த விவரங்கள் குவியக் குவிய, விடை வேறு பக்கம் கை காட்டியது. ஆய்வு முடிவதற்கு முன்பே டால் புகைப்பதை விட்டுவிட்டார். 1950-ல் கட்டுரை வெளிவந்தது. ஆனால் பெரும்பாலோர் அதை நம்பவில்லை.

அடுத்த ஆண்டு, 1951 அக்டோபரில், பிரிட்டனில் பதிவு பெற்ற மருத்துவர்கள் அனைவருக்கும் இருவரும் ஒரு கடிதம் அனுப்பினார்கள். புகைக்கிறீர்களா, எவ்வளவு, எந்த வயதில் தொடங்கினீர்கள், விட்டிருந்தால் எப்போது என்று சில கேள்விகள் மட்டும் அதில் இருந்தன. மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு. அவர்கள் பெயர் மருத்துவப் பதிவேட்டில் இருக்கும். யார் எப்போது எந்த நோயால் இறந்தார் என்பதைத் தொடர்ந்து கண்டுபிடிக்க முடியும். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். அவர்களில் 34,439 பேர் ஆண்கள்.

முதல் கணக்கு 1954 ஜூனில் வந்தது. அதற்குள் 35 வயதைக் கடந்த ஆண் மருத்துவர்களில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். புகைக்காதவர்களின் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. புகைக்கும் அளவு கூடக் கூடச் சாவு விகிதமும் கூடியது. அந்த ஆய்வு அதோடு நிற்காமல் 50 ஆண்டுகள் நடந்தது. 2004-ல் வந்த கடைசிப் பெரிய அறிக்கையை எழுதியவர்களில் டாலும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 91. விடாமல் புகைத்த மருத்துவர்கள், புகைக்காத சக மருத்துவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள் என்று அது சொன்னது. 60 வயதில் விட்டவர்கள் இழந்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றையும், 50-ல் விட்டவர்கள் ஆறையும், 40-ல் விட்டவர்கள் ஒன்பதையும் மீட்டார்கள். 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ பத்தும் திரும்பக் கிடைத்தது.

இன்று உலகமெங்கும் நோயாளிகளிடம் சொல்லப்படும் இந்தக் கணக்கு, மருத்துவர்களின் சொந்தச் சாவிலிருந்து எடுக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயர்களைப் பார்த்தவர்களும் மருத்துவர்களே. தங்கள் பதிவேட்டில் தங்கள் சகாக்களே விழுவதைக் கண்ட பிரிட்டிஷ் மருத்துவர்கள், மற்ற மக்கள் விடத் தொடங்கும் முன்பே கூட்டம் கூட்டமாகச் சிகரெட்டை விட்டார்கள். பொது ஆண்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு கூடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மருத்துவர்களிடம் அது இறங்கத் தொடங்கியது.

அரசியல்வாதிகள் அவ்வளவு விரைவாக மாறவில்லை. 1954 பிப்ரவரியில் புகைப்பதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று பிரிட்டனின் சுகாதார அமைச்சர் இயன் மெக்லியோடு அறிவித்தார். பத்திரிகையாளர் சந்திப்பு முழுக்க அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே இருந்தார். அவர் வாய் சொன்ன எச்சரிக்கையைக் கை அந்த இடத்திலேயே ரத்து செய்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1962-ல், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் ‘புகைத்தலும் உடல்நலமும்’ பற்றிய அறிக்கையைப் பொதுமக்களும் படிக்கும்படி வெளியிட்டது. அதற்குள் ஏராளமான மருத்துவர்கள் விட்டிருந்தார்கள். அறிக்கையின் பின்னால் ஒரு தொழிலே தன் பழக்கத்தை மாற்றிக்கொண்ட வரலாறு நின்றது.

இரண்டு நிமிடத்தின் விலை

மருத்துவர் சொன்னால் யார் விடப்போகிறார்கள் என்ற சலிப்பு மருத்துவர்களிடமே உண்டு. அதைச் சோதித்துப் பார்த்தவர் லண்டனைச் சேர்ந்த மைக்கேல் ரஸ்ஸல். அவருடைய கட்டுரை 1979-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 28 குடும்ப மருத்துவர்களிடம் வேறு வேறு நோய்களுக்காக வந்த, புகைக்கும் பழக்கமுள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர் நான்கு குழுவாகப் பிரித்தார். முதல் குழுவிடம் எதுவும் செய்யவில்லை. இரண்டாம் குழுவிடம் புகைப்பழக்கம் பற்றிய ஒரு படிவத்தை மட்டும் நிரப்பச் சொன்னார்கள். மூன்றாம் குழுவிடம் மருத்துவர் ஓரிரு நிமிடம் ஒதுக்கி, “விட்டுவிடுங்கள்” என்று உறுதியாகச் சொன்னார். நான்காம் குழுவுக்கு அதோடு ஒரு சிறு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, “பிறகு உங்களிடம் விசாரிப்போம்” என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

ஓராண்டு கழித்து, விட்டு நிலைத்திருந்தவர்களை எண்ணினார்கள். முதல் குழுவில் 0.3 சதவீதம், இரண்டாவதில் 1.6, மூன்றாவதில் 3.3, நான்காவதில் 5.1.

நூற்றுக்கு ஐந்து என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஓ.பி.யில் வைத்துக் கணக்குப் போட்டால்தான் அதன் அளவு புரியும். பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இன்னும் அடக்கமான கணக்கையே தருகிறார்கள். யாரும் சொல்லாமல் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் விடுவார்கள் என்றால், மருத்துவரின் சுருக்கமான அறிவுரையால் மேலும் ஒருவர் முதல் மூவர் வரை விடுவார்கள். நடுவில் உள்ள இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர் நாளொன்றுக்குப் புகைப்பவர்கள் பத்துப் பேரைப் பார்க்கிறார், ஒவ்வொருவரும் வேறு வேறு ஆள், ஆண்டில் 300 நாள் வேலை என்று வையுங்கள். 3,000 பேரில் 60 பேர் கூடுதலாக விடுவார்கள். நாளுக்கு இருபது நிமிடப் பேச்சுக்கு இதுதான் விளைச்சல்.

மருத்துவர் வாய் திறக்கவில்லை என்றால் அந்த அறுபது பேரும் தொடர்ந்து புகைப்பார்கள். அவர்கள் யார் என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அறுவை சிகிச்சையில் தவறு நடந்தால் கேட்க ஆள் உண்டு. இந்த இழப்பைக் கேட்க யாரும் வருவதில்லை.

‘கொஞ்சம் குறைச்சுக்கோங்க’

புகைக்கும் மருத்துவர் ஏன் வாய் திறப்பதில்லை? பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. புகைக்கும் மருத்துவர்களும் நர்ஸ்களும், புகைக்காதவர்களைவிடக் குறைவாகவே நோயாளியிடம் விடும்படி சொல்கிறார்கள். எல்லோரும் அப்படி இல்லை. புகைத்துக்கொண்டே நோயாளிக்கு நன்றாக வழிகாட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால் சாய்வு தெளிவாகத் தெரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம். 52 வயது லாரி ஓட்டுநர் ஒருவர். நாளுக்கு ஒரு கட்டுப் பீடி பிடிப்பவர். மாரடைப்பு வந்து, சிகிச்சை முடிந்து, டிஸ்சார்ஜ் ஆகிறார். சீட்டு எழுதும் இளம் மருத்துவர் பத்து நிமிடம் முன்புதான் வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்திருக்கிறார். விரலில் வாடை இருப்பது அவருக்குத் தெரியும். மாத்திரைகளை விளக்குகிறார், உப்பைக் குறைக்கச் சொல்கிறார். பீடிப் பேச்சு வரும்போது குரல் இறங்குகிறது.

“அண்ணே, பீடியைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.”

“சரிங்க சார்.”

பேச்சு அதோடு முடிந்தது. இருவருக்கும் நிம்மதி. மருத்துவர் தான் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லவில்லை. நோயாளிக்குப் பீடி பறிபோகவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் மருத்துவப் பிழை இருக்கிறது.

இதயத்தைப் பொறுத்தவரை, புகையின் கேடு எண்ணிக்கைக்கு ஏற்ப நேராக இறங்குவதில்லை. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரை இதைக் காட்டியது. நாளுக்கு இருபது சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழப் பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதை ஒன்றாகக் குறைத்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகும் என்று நோயாளி நினைப்பார். இதயம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நிகோடினுக்குப் பழகிய மூளை தனக்கு வேண்டிய அளவை எப்படியும் வாங்கிக்கொள்ளும். எண்ணிக்கையைக் குறைத்தவர் தன்னையறியாமல் ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசிவரை இழுப்பார். பீடியில் இது இன்னும் மோசம். பீடிக்கு ஃபில்டர் இல்லை. இலை அடர்த்தியாக இருப்பதால் அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் ஒரு பீடிக்கு அதிக இழுப்பு போகிறது. கட்டைப் பாதியாகக் குறைத்த ஓட்டுநர், தான் டாக்டர் பேச்சைக் கேட்டுவிட்டதாக உளமார நம்புவார். அடுத்த மாரடைப்பு வந்தால் விதி என்று நினைத்துக்கொள்வார்.

அதே இடத்தில் புகைக்காத, அல்லது விட்டுவிட்ட மருத்துவர் என்ன சொல்லியிருக்கலாம்? “அண்ணே, இந்த மாரடைப்புக்குப் பீடி ஒரு முக்கியக் காரணம். இன்னையோட முழுசா விட்டுடணும். ஒண்ணு பிடிச்சாலும் இதயத்துக்குக் கெடுதல்தான். ஆஸ்பத்திரியில இருந்த இந்த நாலு நாளும் நீங்க பிடிக்கல, அதனால கஷ்டமான பகுதியைப் பாதி தாண்டிட்டீங்க. ஆசை வந்தா என்ன செய்யறதுன்னு சொல்றேன், மருந்தும் இருக்கு. அடுத்த வாரம் வரும்போது கேப்பேன்.” முழுவதையும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. ரஸ்ஸலின் நான்காம் குழுவுக்குக் கிடைத்ததெல்லாம் இதில் இருக்கிறது: தெளிவான சொல், கையில் ஓர் உதவி, மறுபடி கேட்பேன் என்ற உறுதி.

பத்து வரை பரவாயில்லையா?

சொல் எப்படி மழுங்குகிறது என்பதை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ஆண் மருத்துவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் புகைத்தார்கள். பெரும்பாலோர் நோயாளிகளிடம் வழக்கமாகப் புகைப்பழக்கம் பற்றிக் கேட்பதே இல்லை. நாளுக்குப் பத்து சிகரெட் வரை உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று நம்பிய மருத்துவர்கள் 80 சதவீதம் அளவில் இருந்தார்கள். அவர்களில் பலர் புகைக்காதவர்கள் என்பதுதான் கவலைக்குரியது. ஒரு தொழிலில் கணிசமானவர்கள் புகைக்கும்போது, ‘இவ்வளவு பரவாயில்லை’ என்ற எண்ணம் புகைக்காதவர்களின் பாடத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது.

இந்த ஆய்வோடு சேர்ந்த வேலை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்க மானுடவியலாளர் மார்க் நிக்டரும், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையத்தைச் சேர்ந்த கே.ஆர். தங்கப்பனும், அவர்கள் சகாக்களும் கேரளத்திலும் இந்தோனேசியாவிலும் மருத்துவக் கல்லூரிகளுக்கான புகையிலைப் பாடத்தை உருவாக்கினார்கள். நோய் வெளிப்படையாகப் புகையோடு தொடர்புள்ளதாகத் தெரிந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பேச்சை எடுக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. இருமலோடு வந்தவரிடம் கேட்பார்கள். சர்க்கரை நோயோடு வந்தவரிடம் கேட்பது குறைவு. சர்க்கரை நோயாளி புகைத்தால் கால் இரத்தக்குழாய் அடைப்பதும், புண் ஆறாமல் விரலை எடுக்க நேர்வதும் கூடும். அவரிடம் யாரும் கேட்காததால், தன் நோய்க்கும் பீடிக்கும் சம்பந்தமில்லை என்றே அவர் முடிவு செய்கிறார்.

சீனாவில் மருத்துவருக்கும் சிகரெட்டுக்குமான நெருக்கம் இன்னும் இறுகிக் கிடந்தது. யுன்னான் மாநிலம் சிகரெட் தொழிலுக்குப் பேர் போனது. அதன் தலைநகர் குன்மிங்கில் ஆய்வு செய்த மானுடவியலாளர் மேத்யூ கோர்மன், புகைக்கும் ஆண் மருத்துவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். சிகரெட் பாக்கெட்டை மரியாதையாகக் கொடுத்து உறவை வளர்க்கும் பழக்கம் உள்ள சமூகம் அது. நோயாளியின் குடும்பமே நீட்டும் சிகரெட்டை வாங்கிக்கொண்ட மருத்துவர், பிறகு அவர்களிடம் எந்த வாயால் விடச் சொல்வார்?

நோயாளி எதை நம்புகிறார்?

மருத்துவரின் வாழ்க்கை முறை அவர் சொல்லுக்கு எடை கூட்டுமா என்பதை அமெரிக்காவின் அட்லாண்டாவில் எரிக்கா ஃபிராங்க் என்ற மருத்துவரின் குழு சோதித்துப் பார்த்தது. 2000-ல் அது வெளியானது. காத்திருந்த நோயாளிகளுக்கு ஒரு வீடியோவைக் காட்டினார்கள். அதில் மருத்துவர் உணவும் உடற்பயிற்சியும் பற்றி அறிவுரை சொல்வார். அதன் இன்னொரு வடிவத்தில் அதே மருத்துவர் அதே அறிவுரையோடு, தான் என்ன சாப்பிடுகிறேன், எப்படி உடற்பயிற்சி செய்கிறேன் என்று அரை நிமிடம் கூடுதலாகச் சொல்வார். மேசையில் ஓர் ஆப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் தெரியும். இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மருத்துவர் மேல் கூடுதல் நம்பிக்கை வந்தது. அவர் சொல் தங்களைச் செய்யத் தூண்டியதாகவும் சொன்னார்கள். அந்தச் சோதனை உணவையும் உடற்பயிற்சியையும் பற்றியது, புகையைப் பற்றியதன்று. நோயாளிகள் பிறகு உண்மையில் மாறினார்களா என்றும் அது பார்க்கவில்லை. ஆனாலும், நோயாளி மருத்துவரின் மேசையையும் கவனித்துப் பார்க்கிறார் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆகவே புகைத்து விட்டுவிட்ட மருத்துவரிடம் ஒரு தனி வலிமை இருக்கிறது. “நானும் பிடிச்சவன்தான். இரண்டு தடவை விட்டுத் திரும்பவும் தொட்டேன். மூணாவது தடவை நின்னுச்சு” என்று அவர் சொல்லும்போது, நோயாளிக்குத் தன் தோல்வி கடைசித் தோல்வி இல்லை என்று புரிகிறது. இன்னும் விடாத மருத்துவரும் பேச்சைத் தவிர்க்க வேண்டியதில்லை. “நானும் இதில் மாட்டிக்கிட்டிருக்கேன். அதனாலதான் சொல்றேன், உங்க இதயம் இதைத் தாங்காது” என்பது உண்மையான சொல். தான் தகுதியற்றவன் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வதால் நோயாளிக்கு ஒரு நன்மையும் இல்லை.

இரவு டியூட்டியும் நர்ஸ்களின் பத்து நிமிடமும்

இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் புகைக்கிறார்கள் என்று கேட்டால், பலரும் வேலை அழுத்தத்தைச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை, பாதி நிகோடின் காட்டும் மாயை. இரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சலும் படபடப்பும் வரும், கவனம் சிதறும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. தணிந்ததை ‘டென்ஷன் போச்சு’ என்று மருத்துவர் எடுத்துக்கொள்கிறார். அந்தப் படபடப்பில் பெரும்பகுதியைக் கொண்டுவந்ததே முந்தைய சிகரெட்தான். நீண்ட அறுவை சிகிச்சையிலோ தொடர் டியூட்டியிலோ நிற்கும்போது இந்த ஏற்ற இறக்கம் அவர் வேலையையும் தொடும்.

மீதிப் பாதி வேலையின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா சார்னா, ஸ்டெல்லா பியாலஸ் என்ற இரு செவிலியர் ஆய்வாளர்கள் புகைக்கும் நர்ஸ்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சில் குற்றவுணர்வு நிறைய இருந்தது. நோயாளிக்கு வாடை தெரியக்கூடாது என்று கை கழுவி, வாசனை பூசி, ஒளித்து வைக்கும் பாடு இருந்தது. இன்னொன்றும் இருந்தது. வார்டை விட்டு வெளியே போகப் புகைப்பவருக்குத்தான் காரணம் கிடைக்கிறது; புகைக்காதவர் ஓய்வே இல்லாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சிகரெட் அங்கே ஓய்வுக்கான அனுமதிச் சீட்டாகிவிட்டது. இதை உணர்ந்துதான் நர்ஸ்களைக் குற்றம் சாட்டாமல், அவர்கள் விடுவதற்கு உதவும் இயக்கமாகத் தங்கள் வேலையை அந்த இருவரும் அமைத்தார்கள்.

நம் ஊரில் பெண் செவிலியர்கள் புகைப்பது அரிது. ஆனால் ஆண் மருத்துவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், வார்டு ஊழியர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் என்று மருத்துவமனையில் புகைப்பவர்கள் இருக்கிறார்கள். நோயாளியோடு அதிக நேரம் பேசுவது பெரும்பாலும் வார்டு ஊழியர்தான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, “டாக்டர் அப்படித்தான் சொல்வாரு, ஒண்ணு ரெண்டு பிடிக்கலாம்ணே” என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, மருத்துவரின் அறிவுரையை அங்கேயே கலைத்துவிடும். மருத்துவமனையின் புகையிலைக் கொள்கை மருத்துவர்களோடு நின்றால் போதாது என்பதற்குக் காரணம் இது.

மருத்துவமனை தொடங்க வேண்டிய இடம்

2003-ன் புகையிலைச் சட்டமும், 2008 அக்டோபர் 2-ல் நடைமுறைக்கு வந்த விதிகளும் மருத்துவமனை உள்ளிட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கின்றன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பலகை எல்லா மருத்துவமனைகளிலும் தொங்குகிறது. பலகையால் புகைப்பவர் வாசலுக்கு வெளியே போகிறார். பழக்கம் அவரோடேயே போகிறது.

அவருக்கு வேண்டியது சிகிச்சை. நோயாளிக்குக் கொடுக்கும் அதே சிகிச்சை. விட்ட முதல் இரண்டு மூன்று நாள் மிகக் கடினம். எரிச்சலும் தூக்கமின்மையும் தணிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நிகோடின் பட்டையோ நிகோடின் சூயிங்கமோ இந்தக் காலத்தைத் தாண்ட உதவும். கம்மை மென்று தள்ளினால் பயனில்லை. மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னும், வாயில் இருக்கும்போதும் காபியோ குளிர்பானமோ குடித்தால், வாயில் அமிலம் ஏறி நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. ‘கம் போட்டும் ஆசை போகவில்லை’ என்பவர்களில் பலர் காபிக்குப் பின்னால் கம்மைப் போட்டு, மிட்டாய் போல மென்று துப்பியவர்கள். இந்த விவரத்தை மருத்துவர் தன் உடம்பில் ஒருமுறை அறிந்துவிட்டால், வாழ்நாள் முழுக்க நோயாளிகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்பார்.

இதற்குப் புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை. 2002-ல் நாட்டில் முதலில் தொடங்கிய 13 புகையிலை நிறுத்த மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் ஒன்று. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் மருத்துவருக்கும் எடுக்கும். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் செய்யக்கூடியது மூன்று. ஹவுஸ் சர்ஜனாகச் சேரும் நாளில் புகைப்பழக்கத்தைக் கேட்டு, தண்டனைக்குப் பயமில்லாமல் உதவி கொடுக்க வேண்டும். புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் எல்லா ஊழியருக்கும் ஒரே அளவு ஓய்வு நேரம் தர வேண்டும். ஓ.பி. சீட்டில் நாடித்துடிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில் புகையிலைக்கு ஒரு கட்டம் அச்சிட வேண்டும். அந்தக் கட்டம் இருந்தால் கேள்வி மருத்துவரின் மனநிலையைப் பொறுத்து நிற்காது. தான் புகைக்கிறோம் என்ற கூச்சத்தில் அவர் அதைத் தாண்டிப் போனால், வெறுமையாகக் கிடக்கும் கட்டம் காட்டிக்கொடுக்கும்.

நோயாளிக்கும் ஒரு வேலை உண்டு. மருத்துவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள்: “சார், நான் பீடி பிடிக்கிறேன். விடறதுக்கு வழி சொல்லுங்க.” அவர் விரலில் வாடை அடித்தாலும் சொல்லுங்கள். புகை உடம்பை என்ன செய்யும் என்பது அவருடைய பழக்கத்தைப் பொறுத்து மாறாது. 34 ஆயிரம் மருத்துவர்களின் ஐம்பது ஆண்டுக் கணக்கு அதை நிரூபித்துவிட்டது. அதில் புகைத்துச் செத்த எவரும் உங்கள் மருத்துவரைவிடக் குறைவாகப் படித்தவர் இல்லை. டாக்டரே பிடிக்கிறார் என்பது, நாம் பிடிக்கலாம் என்பதற்கு ஆதாரமாகாது. படிப்பு மட்டும் போதாது, அவருக்கும் உதவி வேண்டும் என்பதற்குத்தான் அது ஆதாரம்.